எட்டில் ஒரு பங்கு வாடகை

"சார், வாடகையில பாதியைச் செலவுல போட்டுக்கலாமுங்களா?"

"உங்க வீட்ல எத்தனை ரூமுங்க அம்மா?"

"ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், கிச்சன். ஒரு ரூம்லதான் வேலை பார்க்கறேன்."

"அந்த ரூம் எத்தனை சதுர அடி?"

அளந்து பார்த்ததில்லை என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் மாதங்களில் கோவையிலும் சென்னையிலும் மதுரையிலும் ஆடிட்டர்கள் இந்த உரையாடலைத் திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள். வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆலோசகராகத் தொழில் தொடங்கியவர்கள், வீட்டின் ஓர் அறையையே அலுவலகமாக்கிக்கொண்டவர்கள், எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரு சதவீதத்தை. 'வீட்டில் வேலை செய்தால் வாடகையில் இத்தனை சதவீதம், கரன்ட் பில்லில் இத்தனை சதவீதம்' என்று சட்டத்தில் எங்கோ எழுதியிருக்கும் என்று நம்புகிறார்கள்.

இந்திய வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு எண் கிடையாது. பிரிட்டனில் வீட்டிலிருந்து சொந்தத் தொழில் செய்பவர், மாதத்தில் வேலை செய்த மணி நேரத்தைப் பொறுத்து 10, 18 அல்லது 26 பவுண்டு என்று நேராகக் கழித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஒரு சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 300 சதுர அடி வரை கழிக்கும் எளிய முறை இருக்கிறது. இங்கே அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. எவ்வளவு பங்கு என்பதை ஆலோசகரேதான் அளந்து, கணக்கிட்டு, கேட்டால் நிரூபிக்க வேண்டும்.

அளக்கும் முன் ஒரு கேள்வி

டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஆலோசகர் எந்த வழியில் வரி கட்டப்போகிறார்?

சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு சில தொழில்காரர்களுக்கு ஓர் எளிய வழியைத் தருகிறது. ஆண்டில் வந்த தொகையில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். செலவுக்குக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டியதில்லை. ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய் வரை இந்த வழி திறந்திருக்கிறது. ரொக்கமாக வந்தது மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் 75 லட்சம் வரை போகலாம்.

இந்த வழியில் போகிறவருக்கு வாடகைப் பங்கு, கரன்ட் பங்கு என்ற கேள்வியே எழுவதில்லை. செலவு என்று தனியே கழிக்க வேண்டிய எல்லாமே அந்த மற்றப் பாதியில் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பாதி லாபம் காட்டிவிட்டு, அதிலிருந்து வாடகையையும் கழிப்பது நடக்காது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் செய்யும் முதல் பிழை பெரும்பாலும் இதுதான்.

யாருக்கெல்லாம் இந்த வழி? வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்கார வடிவமைப்பாளர், தகவல் தொழில்நுட்பத் துறையினர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு பொறியியல் ஆலோசகருக்கு ஆண்டு வரவு 24 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அவர் காட்ட வேண்டிய லாபம் 12 லட்சம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி கிடையாது. வேறு வருமானம் இல்லாத வரை, அவர் தன் அறையை அளந்து ஒரு பைசாகூட மிச்சப்படுத்தப் போவதில்லை.

அப்படியானால் யாருக்குத்தான் வீட்டு அலுவலகக் கணக்கு தேவை? மூன்று வகையினருக்கு. பட்டியலில் இருந்தும் உண்மையான செலவு பாதிக்கு மேல் போகிறவர்கள் ஒரு வகை. ஆனால் பாதிக்குக் குறைவாக லாபம் காட்டினால், வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டும் நிலையில், கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும். 75 லட்சத்தைத் தாண்டி வரவு உள்ளவர்கள் இரண்டாம் வகை. பட்டியலில் தங்கள் தொழில் பெயர் சொல்லி இடம்பெறாத ஆலோசகர்கள் மூன்றாம் வகை. மனிதவள ஆலோசகர், விற்பனை உத்தி ஆலோசகர், மேலாண்மை ஆலோசகர் போன்றவர்கள் இந்த மூன்றாம் வகையில் வருகிறார்கள். 'தொழில்நுட்ப ஆலோசனை' என்ற சொல்லுக்குள் இவர்களை அடக்கலாமா என்பதில் கணக்காளர்களிடையே ஒரே கருத்து இல்லை. அதனால் இவர்களில் பலர் உண்மையான வரவு, உண்மையான செலவு என்று முழுக் கணக்கு எழுதும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கோவையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, மூன்று நான்கு நிறுவனங்களுக்கு ஆள் தேர்வு, ஊதிய அமைப்பு ஆகியவற்றில் ஆலோசனை சொல்லும் மனிதவள ஆலோசகர் அவர். ஆண்டு வரவு 18 லட்சம் ரூபாய். பயணம், மென்பொருள் சந்தா போன்ற மற்றச் செலவுகள் 2 லட்சம். மாத வாடகை 24,000. இரண்டாவது படுக்கையறைதான் அலுவலகம்.

வாடகை: அறையை அளப்பது எப்படி

தொழில் நடக்கும் கட்டடத்துக்குக் கொடுக்கும் வாடகையைக் கழித்துக்கொள்ள 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. அதே கட்டடத்தின் ஒரு பகுதியில் குடும்பமும் குடியிருந்தால் என்ன செய்வது என்பதை 38-ஆவது பிரிவு சொல்கிறது. தொழிலுக்குப் பயன்படும் பகுதியின் 'ஆண்டு மதிப்பு' மொத்த வீட்டில் என்ன விகிதமோ, அதைக் கருத்தில் கொண்டு வரி அதிகாரி வாடகைப் பங்கைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆண்டு மதிப்பு என்பது எளிமையாகச் சொன்னால், அந்தப் பகுதியைத் தனியாக வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்பது. சாலையைப் பார்த்த முன்னறைக்கும், பின்பக்கத்து இருட்டறைக்கும் பரப்பு ஒன்றாக இருந்தாலும் மதிப்பு ஒன்றாக இருக்காது. தெருவில் இறங்காமலேயே வாடிக்கையாளர் நுழையும்படி தனி வாசல் உள்ள கீழ்த்தள முன்னறைக்குப் பரப்பு விகிதத்தைவிடச் சற்றுக் கூடுதலான பங்கு கேட்க இந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சாதாரண அறைகளில் அந்த வேறுபாடு பெரிதாக இருக்காது. அதனால் நடைமுறையில் பரப்பளவையே எல்லோரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

நம் ஆலோசகரின் அறை 12 அடிக்கு 10 அடி. அதாவது 120 சதுர அடி. வீடு முழுவதையும் சுவருக்குச் சுவர் உள்ளே அளந்தால் 960 சதுர அடி. 120-ஐ 960-ஆல் வகுத்தால் எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். மாத வாடகை 24,000-இல் எட்டில் ஒரு பங்கு 3,000. ஆண்டுக்கு 36,000 ரூபாய். பாதி வாடகை கேட்டவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

இந்த எளிய வகுத்தலிலும் ஓர் இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் 1,200 சதுர அடி என்று போட்டிருக்கும். அது சுவர்களின் கனம், பால்கனி, சில சமயம் மாடிப்படியின் பங்கு எல்லாம் சேர்ந்த அளவு. அறையை உட்புறமாக அளந்துவிட்டு, ஒப்பந்தத்தில் உள்ள பெரிய எண்ணால் வகுத்தால் பங்கு 10 சதவீதமாகக் குறைந்துவிடும். ஆண்டுக்கு 7,200 ரூபாய் நட்டம். எதிர்த்திசையிலும் பிழை நடக்கிறது. குளியலறை, சமையலறை, நடைபாதை எல்லாவற்றையும் மொத்தத்திலிருந்து விட்டுவிட்டு, படுக்கையறைகளையும் ஹாலையும் மட்டும் வீடு என்று காட்டிப் பங்கை உயர்த்துகிறவர்கள் உண்டு. அதிகாரி வரைபடத்தைக் கேட்டால் அந்தக் கணக்கு நிற்காது. அறையை எந்த முறையில் அளக்கிறோமோ, வீட்டையும் அதே முறையில் அளக்க வேண்டும்.

அறையில் மாலையில் பிள்ளை உட்கார்ந்து படித்தால்? அமெரிக்கச் சட்டத்தைப் போல அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்ற கடுமையான நிபந்தனை நம் சட்டத்தின் இந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. ஆனாலும் சொந்தப் பயன்பாட்டுக்கான செலவைத் தொழில் கணக்கில் ஏற்ற முடியாது என்பது பொது விதி. ஆகவே அறை நாளில் 8 மணி நேரம் அலுவலகமாகவும் 2 மணி நேரம் பிள்ளையின் படிப்பறையாகவும் இருந்தால், மாதம் 3,000 என்பதை 2,400 ஆக்கிக் காட்டுவது பாதுகாப்பானது.

தனி அறையே இல்லாமல் ஹாலின் மூலையில் மேசை போட்டவர்களும் பங்கு கேட்கலாம். மேசை, நாற்காலி, அலமாரி நிற்கும் இடம் 6 அடிக்கு 6 அடி என்றால் 36 சதுர அடி. 960-இல் அது 3.75 சதவீதம், மாதம் 900 ரூபாய். இது சிறிய தொகை என்றாலும் நிரூபிக்கக்கூடிய தொகை. 'ஹால் முழுவதும் அலுவலகம்' என்று எழுதினால், அதே ஹாலில் டிவியும் ஊஞ்சலும் இருப்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுக்குமாடியில் மாதாமாதம் கட்டும் பராமரிப்புத் தொகைக்கும் இதே எட்டில் ஒரு பங்கு பொருந்தும். நம் ஆலோசகர் மாதம் 2,000 கட்டுகிறார். ஆண்டுக்கு 3,000 ரூபாய் கணக்கில் ஏறும்.

கரன்ட் பில்: பரப்பா, யூனிட்டா

மின்சாரத்துக்கு வாடகையைப் போலத் தனிப் பிரிவு இல்லை. தொழிலுக்காக முழுமையாகச் செய்த, சொந்தச் செலவு அல்லாத எந்தச் செலவையும் கழிக்க அனுமதிக்கும் பொதுவான 37-ஆவது பிரிவின் கீழ்தான் அது வருகிறது. ஒரே பில்லில் வீடும் அலுவலகமும் கலந்திருப்பதால், தொழிலுக்கானது எது என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு கேட்பவரைச் சேர்ந்தது.

வாடகைக்குப் போட்ட அதே 12.5 சதவீதத்தை இங்கேயும் போடுவது எளிது. யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். ஆனால் அது உண்மைக்குப் பக்கத்தில்கூட இல்லாமல் போகலாம். பகல் முழுக்க ஏசி ஓடுவது அலுவலக அறையில்தான். மற்ற அறைகளில் அந்த நேரத்தில் ஆளே இல்லை.

நம் ஆலோசகர் மாதத்துக்கு 25 நாள் வேலை செய்கிறார். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வருவதால் ஒரு பில்லுக்கு 50 வேலை நாள். லேப்டாப்பும் திரையும் சேர்ந்து 100 வாட், மின்விசிறி 70, விளக்கு 20, இணைய ரௌட்டர் 10. எல்லாம் சேர்ந்து 200 வாட். எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். ஐம்பது நாளுக்கு 80 யூனிட். கோடையில் ஒரு டன் ஏசி நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு சராசரி 0.8 யூனிட் என்று கொண்டால் 50 நாளுக்கு 160 யூனிட். ஆக, கோடை பில்லில் அலுவலகத்தின் பங்கு 240 யூனிட், மற்ற பில்களில் 80 யூனிட்.

கோடையில் வீட்டின் மொத்தப் பயன்பாடு 620 யூனிட், பில் 3,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக யூனிட்டுக்கு 5 ரூபாய். அலுவலகத்தின் 240 யூனிட்டுக்கு 1,200 ரூபாய். மற்ற மாதங்களில் 380 யூனிட், பில் 1,080. அதில் 80 யூனிட்டின் பங்கு சுமார் 227 ரூபாய். ஆண்டில் இரண்டு கோடை பில், நான்கு சாதாரண பில் என்றால் மொத்தம் ஏறக்குறைய 3,300 ரூபாய். பரப்பு முறையில் கணக்கிட்டிருந்தால் 1,315 ரூபாய்தான் வந்திருக்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையே மாறிவிடும். அலுவலகம் இல்லாவிட்டால் இந்த வீட்டின் கோடை பில் 380 யூனிட்டோடு 1,080 ரூபாயில் நின்றிருக்கும். அந்த வகையில் பார்த்தால் அலுவலகத்தால் கூடியது 1,200 அல்ல, 2,020 ரூபாய். 'இலவச யூனிட் எல்லாம் வீட்டுக்கு, விலை உயர்ந்த யூனிட் எல்லாம் தொழிலுக்கு' என்று வாதாட முடியுமா? வாதாடலாம். ஆனால் இலவச யூனிட்டை வீட்டுக்கு மட்டும் ஒதுக்கச் சட்டத்தில் தனி ஆதாரம் இல்லாததால், கவனமான ஆடிட்டர்கள் சராசரி விலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வாட் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும்; ஆனால் மதிப்பீடுதான். அதை உறுதியாக்க இரண்டு வழி. அலுவலக அறைக்கு எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு சப் மீட்டர் போடலாம். மாதக் கடைசியில் அதைப் போட்டோ எடுத்து வைத்தால் சண்டையே இல்லை. சொந்த வீடாக இல்லாததால் வயரிங்கைத் தொட முடியாதென்றால், ஏசிக்கும் மேசை பிளக்குக்கும் இடையில் செருகும் சிறிய யூனிட் மீட்டரை ஒரு வாரம் வைத்துப் படித்து, அந்தக் குறிப்பை வைத்துக்கொள்ளலாம். அறை எட்டில் ஒரு பங்காக இருக்கும்போது கோடை பில்லில் கிட்டத்தட்ட 39 சதவீதம் கேட்டால், 'எப்படி' என்ற கேள்வி வரத்தான் செய்யும். அப்போது இந்தக் குறிப்புதான் பதில்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத எல்லை ஒன்று உண்டு. தொழில்காரர் தன் குடியிருப்போடு ஒட்டிய ஆலோசனை அறையை வீட்டுக் கட்டணத்திலேயே வைத்துக்கொள்ள மின் கட்டண ஆணை இடம் தருகிறது. ஆனால் அந்த அறை 200 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். நம் ஆலோசகரின் 120 சதுர அடிக்குச் சிக்கல் இல்லை. மாடி முழுவதையும் அலுவலகமாக்கி, வரிக் கணக்கில் '500 சதுர அடி அலுவலகம்' என்று பெருமையாக எழுதுகிறவருக்கு அதே வரி வேறொரு இடத்தில் எதிராகத் திரும்பும். வீட்டு இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தியது என்று மின் வாரியம் கண்டால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்க முடியும்.

எவ்வளவு மிச்சம்

வாடகைப் பங்கு 36,000. பராமரிப்பு 3,000. மின்சாரம் 3,300. இணையத்துக்கு மாதம் 1,000 கட்டுகிறார். குடும்பமும் அதே இணைப்பைப் பயன்படுத்துவதால் 70 சதவீதத்தை மட்டும் தொழிலுக்கு எடுத்தால் 8,400. மொத்தம் 50,700 ரூபாய்.

வரவு 18 லட்சத்தில் மற்றச் செலவுகள் 2 லட்சம் போக 16 லட்சம். அதிலிருந்து இந்த 50,700 குறைகிறது. 2025-26-இல் புதிய வரி முறையில் 12 லட்சத்துக்கும் 16 லட்சத்துக்கும் இடைப்பட்ட வருமானத்துக்கு வரி 15 சதவீதம். ஆக வரியில் மிச்சம் 7,605. அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரியையும் சேர்த்தால் சுமார் 7,900 ரூபாய்.

இதில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட வாடகையிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கரன்ட் பில்லுக்காக மண்டையை உடைத்துக்கொண்டு அடையும் 2,000 ரூபாய் வேறுபாட்டில் வரி மிச்சம் 300 ரூபாய்தான். அறையை ஒழுங்காக அளப்பது, வாடகையை வங்கி வழியாகக் கொடுப்பது, இந்த இரண்டிலும் செலவிடும் அரை மணி நேரம்தான் உண்மையில் பலன் தருவது. லேப்டாப், மேசை, நாற்காலி இவற்றை ஒரே ஆண்டில் முழுதாகக் கழிக்க முடியாது. கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம், மரச்சாமானுக்கு 10 சதவீதம் என்று தேய்மானமாகக் கழியும். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டில் அதில் பாதி.

புதிய வரி முறையில் கழிவுகள் எல்லாம் போய்விட்டன என்ற எண்ணத்தில் பலர் இந்த 50,700-ஐயும் விட்டுவிடுகிறார்கள். போனது காப்பீடு, சேமிப்பு, சம்பளக்காரரின் வீட்டு வாடகைப் படி போன்றவை. தொழில் நடத்த ஆகும் செலவு புதிய முறையிலும் கழியும். சம்பளம் இல்லாதவர்கள் குடியிருப்பு வாடகைக்குக் கேட்கும் 80ஜிஜி கழிவு மட்டும் பழைய முறையில்தான் உண்டு. அதுவும் அதிகபட்சம் மாதம் 5,000 ரூபாய். பழைய முறையில் இருப்பவர் அலுவலகப் பங்கு போக மீதி வாடகைக்குத்தான் அதைக் கேட்கலாம். ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் காட்டுவது தவறு.

சொந்த வீடும் பெற்றோர் வீடும்

சொந்த வீட்டில் அலுவலகம் வைத்திருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுத்ததாகக் காட்ட முடியாது. கையிலிருந்து போகாத வாடகை செலவாகாது. அவர் கேட்கக்கூடியவை அந்த அறைக்கு உரிய பழுதுபார்ப்பு, சொத்து வரி, காப்பீடு, வீட்டுக் கடன் வட்டியின் பங்கு, கட்டடத் தேய்மானம் ஆகியவை. தேய்மானத்தைக் கேட்கும் முன் ஒரு முறை யோசிப்பது நல்லது. தேய்மானம் எடுத்த பகுதி பின்னாளில் விற்கப்படும்போது, அந்தப் பகுதியின் லாபம் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் குறுகிய கால லாபமாகவே வரிக்கு உள்ளாகும். இருபது வருடத்தில் எடுத்த சிறு தேய்மானத்தைவிட அந்த வரி பெரிதாக இருக்கக்கூடும்.

அப்பா பெயரில் உள்ள வீட்டில் வாடகை கொடுத்து அலுவலகம் நடத்துவது சட்டப்படி தவறல்ல. ஆனால் ஒப்பந்தம் இருக்க வேண்டும், மாதாமாதம் பணம் அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவர் தன் வரிக் கணக்கில் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். மார்ச் 31 அன்று ஒரே தாளில் பன்னிரண்டு ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பதுதான் இத்தகைய கணக்குகள் நிராகரிக்கப்படும் வழக்கமான காரணம்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. பதிவு பெற்றவர் குடியிருப்பை வாடகைக்கு எடுத்தால், 2022 ஜூலை 18 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீத வரியை அவரே கட்ட வேண்டும். சொந்தத் தொழில் நடத்துபவர் தன் குடியிருப்புக்காகத் தன் சொந்தக் கணக்கில் எடுத்த வீட்டுக்கு, அதாவது நிறுவனத்தின் கணக்கில் எடுக்காத வீட்டுக்கு, 2023 தொடக்கத்திலிருந்து விலக்கு உண்டு. வாடகையின் ஒரு பகுதியைத் தொழில் செலவாக எழுதும்போது, அந்தப் பகுதிக்கு விலக்கு நிற்குமா என்ற கேள்வி எழுகிறது. வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் ஜிஎஸ்டியில் அதை ஈடுகட்ட வாய்ப்பு இருந்தாலும், வருமான வரிக் கணக்கையும் ஜிஎஸ்டி கணக்கையும் ஒரே ஆடிட்டர் ஒன்றாகப் பார்த்து முடிவெடுப்பது அவசியம்.

கேட்டால் காட்ட

வரித் துறை கணக்கை விரிவாகப் பார்க்கத் தேர்ந்தெடுத்தால், கேள்விகள் இன்று இணையதளம் வழியாகவே வருகின்றன. வீட்டுக்கு வந்து அறையைப் பார்க்கும் அதிகாரி இல்லை. அனுப்பும் தாள்கள்தான் அறையைக் காட்ட வேண்டும்.

நம் ஆலோசகர் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருப்பவை அதிகம் இல்லை. வாடகை ஒப்பந்தம். மாதாமாதம் வீட்டுக்காரர் கணக்குக்கு 24,000 போனதைக் காட்டும் வங்கி அறிக்கை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவு கழிவுக்கு ஏற்கப்படாது என்பதால் அவர் ரொக்கத்தைத் தொடுவதே இல்லை. கையால் வரைந்து அளவு குறித்த வீட்டு வரைபடம். அறையின் இரண்டு போட்டோ. ஆறு கரன்ட் பில், அவற்றோடு யூனிட் மீட்டர் படித்த குறிப்பு. வீட்டுக்காரர் பெயரில்தான் மின் இணைப்பு இருக்கிறது. பணம் தன் கணக்கிலிருந்து போனதற்கான பதிவு இருப்பதால் அது தடையாகவில்லை.

இவற்றோடு அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 120 வகுத்தல் 960, இணையத்தில் 70 சதவீதம் ஏன், கோடையில் 240 யூனிட் எப்படி. அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கு அந்த அரைப் பக்கம் பதிலாகிவிடும். காரணமில்லாமல் ஓர் ஆண்டு 12.5, அடுத்த ஆண்டு 30, அதற்கடுத்த ஆண்டு 20 என்று பங்கு ஆடினால்தான் சந்தேகம் வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. இங்கே சொன்ன பிரிவு எண்கள் அதில் மாறிவிடும் என்பதால், அந்தத் தேதிக்குப் பிறகான கணக்கில் பழைய எண்ணைக் குறிப்பிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆலோசகர் அடுத்த ஆண்டு நடுவில் வேறு வீட்டுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். புதிய வீடு 910 சதுர அடி, அலுவலக அறை 130. ஏழில் ஒரு பங்கு. பழைய வீட்டு மாதங்களுக்கு எட்டில் ஒன்று, புதிய வீட்டு மாதங்களுக்கு ஏழில் ஒன்று என்று கணக்கு இரண்டாகப் பிரியும். அதனால் குடிபோகும் நாளில், பால் காய்ச்சிய கையோடு, அவர் செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது. சாமான் இறங்குவதற்கு முன் காலி அறைகளை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்வது ஒன்று. மின் மீட்டரில் அன்றைய எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது மற்றொன்று.